மிதவைத் தாவரங்களின்மேல் நடக்கும் நீர்ப்புள்கள்: கால்விரல், முகநிறம், வாலசைவு வழி இனங்காணலும் ‘கம்புள்’ அடையாளச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

குளம், ஏரி, கண்மாய் ஆகிய நீர்நிலைகளில் தாமரை, அல்லி, வள்ளை, ஆகாயத்தாமரை முதலியவற்றின்மேல் நடந்து இரைதேடும் பறவைகள் பலவும் தமிழில் ‘கோழி’ என்னும் பொது ஈற்றால் வழங்கப்படுகின்றன. இலைக்கோழி, கானாங்கோழி, தாழைக்கோழி, நாமக்கோழி ஆகியன தோற்றத்திலும் வாழிடத்திலும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் களத்திலும் இலக்கிய உரையிலும் மயக்கம் நேர்கிறது. கால்விரலின் நீளம், முகத்தின் நிறம், வாலின் அசைவு ஆகிய மூன்று கூறுகளால் இவற்றைப் பிரித்தறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. ஒவ்வொரு கூறும் எதனைத் தெளிவாகக் காட்டுகிறது, எங்கே பயனற்றுப் போகிறது என்பதையும் அது எடுத்துரைக்கிறது. அம்முறையைச் சங்க இலக்கியத்துக் ‘கம்புள்’ என்னும் பறவையின் அடையாளத்திற்குப் பொருத்திப் பார்த்து, நுதல் வெண்மை ஒன்றைமட்டும் கொண்டு முடிவு காண இயலுமா என்பதை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இலைக்கோழி, கானாங்கோழி, தாழைக்கோழி, நாமக்கோழி, கம்புள், மிதவைத் தாவரம், புள்ளினம்.

1. முன்னுரை

சங்க இலக்கியத்தில் பயிலும் பறவைப் பெயர்களுக்கு உரையாசிரியர்கள் பெரும்பாலும் தம் காலத்து வழக்குப்பெயர் ஒன்றைப் பொருளாகத் தருவர். அவ்வழக்குப்பெயர் ஒரே பறவையைக் குறிக்குமாயின் சிக்கல் இல்லை. நீர்நிலைப் பறவைகளைப் பொறுத்தவரை நிலைமை அவ்வாறன்று. ஓர் ஊரில் கானாங்கோழிக்கு வழங்கும் பெயர் பிறிதோர் ஊரில் தாழைக்கோழிக்கு வழங்குகிறது. ‘நீர்க்கோழி’ என்னும் பெயரோ நீரில் காணப்படும் கோழி போன்ற எதற்கும் பொருந்துகிறது. எனவே ஒரு பெயருக்கு மற்றொரு பெயரைத் தருவது விளக்கம் ஆகாது; பெயருக்கு உரிய பறவையின் உறுப்பும் செயலும் தெரிந்தாலன்றிப் பாடலில் வரும் அடைமொழி எதைச் சுட்டுகிறது என்று துணிய இயலாது.

இந்நோக்கில் இக்கட்டுரை முதலில் பறவைகளைப் பறவைகளாகவே அணுகுகிறது. தமிழகத்து நீர்நிலைகளில் காணப்படும் தாமரை இலைக்கோழி, நீளவால் இலைக்கோழி, வெண்மார்புக் கானாங்கோழி, தாழைக்கோழி, நாமக்கோழி ஆகிய ஐந்தும் இதன் முதன்மைப் பொருள். நீலத் தாழைக்கோழியும் பெய்லான் கிரேக் எனப்படும் சிறு காணான்கோழியும் ஒப்பீட்டிற்காகச் சுருக்கமாகக் குறிக்கப்படுகின்றன.

2. ஒரே ஈறு, இருவேறு வரிசைகள்

‘கோழி’ என்று பெயர் பெற்றிருப்பினும் இவற்றுள் எதுவும் கோழியினத்தைச் சேர்ந்ததன்று. இவை தம்முள்ளும் ஒரே இனத்தவை அல்ல. கானாங்கோழி, தாழைக்கோழி, நாமக்கோழி, சிறு காணான்கோழி ஆகியவை கொக்கு வரிசை என்று பறவையியலார் கூறும் பெரும்பிரிவில், ரெயில் குடும்பத்தில் அடங்குவன. இலைக்கோழிகள் இரண்டும் உள்ளான், ஆட்காட்டி முதலிய கரைப்பறவைகளின் வரிசையில், ஜக்கானா குடும்பத்தில் அடங்குவன. அதாவது இலைக்கோழிக்கு ஆட்காட்டி நெருங்கிய உறவு. தாழைக்கோழி தொலைவான உறவு. இலைகளின்மேல் நடக்கும் தொழில் ஒன்றாக இருப்பதனால் நீண்ட விரல் இரு குடும்பங்களிலும் தனித்தனியே தோன்றியுள்ளது.

இவ்வேறுபாடு வெறும் வகைப்பாட்டுச் செய்தியன்று. ரெயில் குடும்பத்துப் பறவையின் உடல் பக்கவாட்டில் ஒடுங்கியது. நெருங்கி வளர்ந்த கோரைக்கும் நாணலுக்கும் இடையே நுழைந்து மறைவதற்கு அவ்வொடுக்கம் துணைசெய்கிறது. இலைக்கோழி மறைவை நாடுவது குறைவு. வெட்டவெளியில் பரந்த இலைப்பரப்பின் நடுவே நின்று இரைதேடுகிறது. அஞ்சினால் பறக்கிறது, அல்லது நீருள் அமிழ்ந்து நிற்கிறது. சுருங்கச் சொன்னால், ஒன்று தாவரங்களின் ஊடே செல்லும் பறவை. மற்றொன்று தாவரங்களின்மேல் செல்லும் பறவை. கால்விரலும் வாலசைவும் வேறுபடுவதற்கு அடிப்படை இதுவே.

3. கால்விரல்: எங்கே நிற்க முடிகிறது

அல்லியிலை நீரில் தானாக மிதக்கும். ஆனால் அதன் ஒரு புள்ளியில் எடை கூடினால் அப்புள்ளி அமிழ்ந்து நீர் ஏறும். அதே எடை இலையின் பெரும்பரப்பில் பரவினால், அல்லது அடுத்தடுத்த இரண்டு மூன்று இலைகளின்மீது பகிரப்பட்டால் இலை தாங்கும். இலைக்கோழியின் கால் இவ்வாறு எடையைப் பகிர்வதற்கு ஏற்ப அமைந்தது. முன்விரல்கள் மூன்றும் பின்விரல் ஒன்றும் மெலிந்து நீண்டுள்ளன. அவற்றின் நுனியில் வளையாத நேரான நகங்கள் மேலும் நீள்கின்றன. குறிப்பாகப் பின்விரலின் நகம் அவ்விரலைவிட நீளமானது. ஏறத்தாழ முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பறவையின் பாதம், விரித்த மனிதக் கையளவு பரப்பில் படிகிறது. விரல்களைவிட நகங்கள் இப்பரப்பை மிகுவிப்பதே இலைக்கோழியின் தனியடையாளம்.

இத்தகைய பாதத்தோடு நடக்கும் நடையும் தனித்தது. விரல்கள் ஒன்றோடொன்றோ தண்டுகளோடோ சிக்காதிருக்க, இலைக்கோழி காலை உயரத் தூக்கி, விரல்களைக் குவித்து, மீண்டும் விரித்து வைக்கிறது. எனவே தொலைவிலிருந்து விரல் தெரியாவிட்டாலும், ஒவ்வோர் அடியும் தயங்கி எடுத்துவைப்பதுபோன்ற நடை புலனாகும்.

தாழைக்கோழி, கானாங்கோழி ஆகியவற்றின் விரல்களும் உடலளவை நோக்க நீண்டவையே. ஆயினும் நகங்கள் இயல்பான அளவின. அவை ஒன்றோடொன்று பின்னிய வள்ளைக்கொடிப் பரப்பிலும் ஆகாயத்தாமரைத் திரளிலும் எளிதாக நடக்கும். தனித்து மிதக்கும் அல்லியிலையில் கால்வைத்தால் இலை சாய்ந்து நீர் ஏறும்; அப்போது தாழைக்கோழி தயங்காது நீந்தத் தொடங்கும். நாமக்கோழியின் விரல்களோ இருபுறமும் மடல் மடலாக விரிந்த தோலுடையவை. இவை நீந்துவதற்கும் மூழ்குவதற்கும் உரியவை. நாமக்கோழி இலைத்திரளின்மேல் ஏறி ஓய்வெடுப்பதுண்டு. ஆனால் அதன் தொழிற்களம் திறந்த நீர்ப்பரப்பு.

இக்கூறு பிழைபடும் இடமும் உண்டு. ஆகாயத்தாமரை அடர்ந்து பாய்போல் திரண்டுவிட்டால் அது பெரிய எடையையும் தாங்கும். குளத்துக் கொக்கும் உண்ணிக்கொக்கும் அதன்மேல் நடக்கக் காணலாம். ஆகவே ‘இலைமேல் நடந்தது, எனவே இலைக்கோழி’ என்று முடிவுசெய்வது தவறு. கேட்கவேண்டிய கேள்வி எத்தகைய இலைமேல் நடந்தது என்பதே. திரண்ட பரப்பு எதையும் மெய்ப்பிக்காது. தனித்த இலையின்மேல் அமிழாது நடப்பதே மெய்ப்பிக்கும்.

4. முகநிறம்: எந்த இனம், எந்தப் பருவம்

கால்விரல் குடும்பத்தைக் காட்டுமாயின், முகம் இனத்தைக் காட்டும். முகத்தில் நோக்கவேண்டியவை மூன்று: நெற்றியில் தகடு உண்டா, கண்ணுக்கு மேலோ ஊடோ பட்டை செல்கிறதா, வெண்மை எதுவரை பரவியுள்ளது.

தாழைக்கோழியின் நெற்றித்தகடு சிவப்பு. அலகும் சிவந்து நுனியில் மஞ்சளாக முடிகிறது. உடல் கருஞ்சாம்பல் நிறத்தது. விலாவில் வெள்ளைக் கோடு ஒன்று ஓடுகிறது. நீலத் தாழைக்கோழியின் நெற்றித்தகடும் சிவப்பே எனினும், உடல் பெரியது, நிறம் நீலம், கால்கள் சிவப்பு என்பவற்றால் மயக்கம் எழுவதில்லை. நாமக்கோழியின் உடல் முழுதும் கறுப்பாக, நெற்றித்தகடும் அலகும் மட்டும் வெண்மையாக விளங்குகின்றன. கறுத்த முகத்தில் தீட்டிய வெள்ளை நாமம்போல் அது தோன்றுவதே பெயருக்குக் காரணம்.

வெண்மார்புக் கானாங்கோழிக்குத் தகடு இல்லை. நெற்றி, கன்னம், தொண்டை, மார்பு, வயிறு ஆகியவை தொடர்ந்து வெண்மையாயிருக்க, உச்சியும் முதுகும் சாம்பல் கலந்த கறுப்பாக உள்ளன. அலகு பசுமஞ்சள், மேலலகின் அடியில் சிவப்புத் திட்டு உண்டு. நாமக்கோழியின் வெண்மை நெற்றியோடு நின்றுவிடுகிறது. கானாங்கோழியின் வெண்மை நெற்றியில் தொடங்கி வயிறுவரை இறங்குகிறது. இவ்வேறுபாடு ஏழாம் பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

தாமரை இலைக்கோழியின் தலை, கழுத்து, மார்பு ஆகியன பச்சை மினுமினுப்புடைய கறுப்பு. கண்ணிலிருந்து பிடரிவரை அகன்ற வெண்புருவம் செல்கிறது. அலகு மஞ்சள், முதுகும் சிறகும் வெண்கல நிறத்தன, குட்டையான வால் செம்பழுப்பு. நீளவால் இலைக்கோழி இனப்பெருக்கப் பருவத்தில் வெண்முகமும், பொன்மஞ்சள் பிடரியும், வெண்சிறகும், அரிவாள்போல் வளைந்த நீண்ட கரிய வாலும் கொண்டு விளங்கும். அப்பருவத்தில் அதனை வேறெதனோடும் மயங்க இயலாது.

மயக்கம் தொடங்குவது அப்பருவம் கழிந்த பின்னரே. நீளவால் இலைக்கோழி தன் நீண்ட வாலை உதிர்த்துவிடுகிறது. பெயருக்குக் காரணமான உறுப்பே அதனிடம் இல்லாமற்போகிறது. மேற்பகுதி பழுப்பாகவும் கீழ்ப்பகுதி வெள்ளையாகவும் மாறுகின்றன. கண்ணின் ஊடாகச் செல்லும் கருங்கோடு கழுத்தின் பக்கமாக இறங்கி மார்பில் கழுத்தணிபோல் வளைகிறது. தாமரை இலைக்கோழியின் இளம்பறவையும் ஏறத்தாழ இதே வண்ணங்களைக் கொண்டது: செம்பழுப்பு உச்சி, மங்கிய மஞ்சள் கலந்த முன்கழுத்து, வெளிறிய வயிறு. தாழைக்கோழியின் இளம்பறவைக்குச் சிவப்புத் தகடு இராது. கானாங்கோழியின் இளம்பறவைக்கு முகவெண்மை மங்கலாக இருக்கும். ஆகவே முகம் முதிர்ந்த பறவையிடத்து உறுதியான சான்று. இளம்பறவையிடத்தும் பருவம் கழிந்த பறவையிடத்தும் ஐயத்திற்குரிய சான்று.

ஆண், பெண் வேறுபாட்டை முகம் காட்டுவதில்லை என்பதும் குறிக்கத்தக்கது. மேற்கூறிய ஐந்து பறவைகளிலும் இருபாலும் ஒரே நிறத்தன. இலைக்கோழிகளில் பெண் பெரியது, ஆண் சிறியது, அவ்வளவே வேறுபாடு. மேலும் இலைக்கோழிகளில் பெண்பறவை பல ஆண்களோடு இணைகிறது. அடைகாப்பதும் குஞ்சுகளைப் பேணுவதும் ஆணின் கடமை. குஞ்சுகளைச் சிறகினடியில் இடுக்கிக்கொண்டு இலைமேல் நடக்கும் இலைக்கோழியைத் ‘தாய்’ என்று கருதுவோர் உண்மையில் தந்தையையே காண்கின்றனர்.

5. வாலசைவு: தொலைவிலிருந்து கிடைக்கும் சான்று

விரல் தெரியாத தொலைவிலும், முகம் மறுபுறம் திரும்பியிருக்கும்போதும் உதவுவது வாலசைவு. தாழைக்கோழி நடக்கும்போதும் நீந்தும்போதும் குட்டையான வாலை மேல்நோக்கி வெட்டிவெட்டி அசைக்கிறது. கானாங்கோழியும் நிமிர்ந்த வாலை ஒவ்வோர் அடிக்கும் சுண்டுகிறது. நீலத் தாழைக்கோழியும் சிறு காணான்கோழியும் அவ்வாறே செய்கின்றன. வாலை இடைவிடாது சுண்டுவது ரெயில் குடும்பத்துப் பறவைகள் பலவற்றுக்குப் பொதுவான பழக்கம். இலைக்கோழிகளிடம் இத்தொடர் அசைவு இல்லை. இறங்கியமர்ந்தவுடன் சிறகுகளை ஒருகணம் மேலே தூக்கி நிறுத்திப் பின்னர் மடக்குவதே அவற்றிடம் காணும் அசைவு.

சுண்டும் வால் குடும்பத்தைச் சொல்வதோடு நிற்பதில்லை, இனத்தையும் காட்டிக்கொடுக்கிறது. வால் உயரும்போது அதன் அடிப்புறம் பார்வையாளர்க்குத் தெரிகிறது. அவ்வடிப்புற நிறம் இனத்துக்கு இனம் வேறுபட்டது. தாழைக்கோழிக்கு இருபுறமும் வெண்மையும் நடுவே கறுப்பும். நீலத் தாழைக்கோழிக்கு முழு வெண்மை. வெண்மார்புக் கானாங்கோழிக்குச் செங்காவி. சிறு காணான்கோழிக்குக் கருப்பு வெள்ளை வரிகள். நாமக்கோழிக்கு அடிப்புறமும் கறுப்பே. மறைவை நோக்கி ஓடும் பறவை பார்வையாளர்க்குப் பின்புறத்தையே காட்டும். ஆகவே களத்தில் இறுதியாகவும் சிலவேளை ஒரே ஒருமுறையும் கிடைக்கும் சான்று இந்த நிறமே.

இவ்வசைவின் பயன் என்ன என்பது பறவையியலில் விவாதிக்கப்பட்ட பொருள். நீலத் தாழைக்கோழியின் நெருங்கிய இனத்தை ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து வுட்லண்ட், ஜாஃபர், நைட் ஆகியோர் 1980இல் வெளியிட்ட கட்டுரை, வால்சுண்டல் இரைகொல்லிக்கு விடுக்கப்படும் அறிவிப்பு என்னும் கருத்தை முன்வைத்தது. ‘உன்னைக் கண்டுகொண்டேன், துரத்திப் பயனில்லை’ என்பதே அவ்வறிவிப்பின் பொருள். இக்கருத்தை ஏற்பின், அஞ்சிய பறவை மிகுதியாகச் சுண்டும் என்பதும், அமைதியாக மேயும் பறவை குறைவாகச் சுண்டும் என்பதும் எதிர்பார்க்கத்தக்கவை. எனவே, சிறிது நேரம் வால் அசையவில்லை என்பதைக்கொண்டு அது ரெயில் குடும்பத்ததன்று எனத் துணிதல் கூடாது. அசைவு கண்டால் அது சான்று. காணாமை தனியே சான்றாகாது.

6. ஓர் எடுத்துக்காட்டு: வேம்பனூர் ஏரி

மூன்று கூறுகளும் எவ்வாறு ஒன்றையொன்று நிரப்புகின்றன என்பதைக் கன்னியாகுமரி மாவட்டத்து வேம்பனூர் ஏரியை முன்வைத்து விளக்கலாம். 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இந்நீர்நிலை, தாமரை இலைக்கோழியின் இணைசேர்க்கை முறையைப் பற்றி ஸ்டூவர்ட் புட்சார்ட் முதலானோர் 1990களில் நிகழ்த்திய ஆய்வுகளுக்குக் களமாக இருந்தது. ஒரு பெண்பறவையின் ஆட்சிப்பரப்பினுள் ஒன்றுமுதல் நான்கு ஆண்கள்வரை வாழ்தலும், பெண்ணின் வருகையைப் பெற ஆண்கள் உரக்கக் கூவிப் போட்டியிடுதலும் அவ்வாய்வுகளால் புலப்பட்டன.

இத்தகைய ஏரியின் கரையில் டிசம்பர்க் காலை ஒன்றில், அறுபது மீட்டர் தொலைவில், மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமான பறவை ஒன்று நிற்பதாகக் கொள்வோம். நான்கு வாய்ப்புகள் உள்ளன: பருவம் கழிந்த நீளவால் இலைக்கோழி, தாமரை இலைக்கோழியின் இளம்பறவை, கானாங்கோழியின் இளம்பறவை, தாழைக்கோழியின் இளம்பறவை. நிறத்தைமட்டும் நோக்கின் நான்கும் நெருங்கியவை.

முதலில், பறவை திரண்ட இலைப்பரப்பை விட்டு விளிம்பிலுள்ள தனித்த இலைகளுக்கு வரும்வரை காத்திருத்தல் வேண்டும். அவ்விலைகளின்மேல் அது காலை உயரத் தூக்கி அமிழாமல் கடந்தால், கானாங்கோழி, தாழைக்கோழி ஆகிய இரு வாய்ப்புகளும் பெரிதும் விலகும். கடக்கும்போது வால் சுண்டப்படாமையும் இதனோடு சேர்ந்து துணைச்சான்றாகும். எஞ்சியவை இரண்டு. இப்போது முகத்துக்குத் திரும்பலாம். கண்ணினூடே செல்லும் கருங்கோடு கழுத்துவழி இறங்கி மார்பில் வளையுமாயின் அது நீளவால் இலைக்கோழி. உச்சி செம்பழுப்பாக, மார்பில் கரும்பட்டை இல்லாமல் இருப்பின் அது தாமரை இலைக்கோழியின் இளம்பறவை. ஐயம் அப்போதும் நீங்காவிடின், பறவை பறக்கும்வரை பொறுத்திருந்தால் போதும். நீளவால் இலைக்கோழியின் சிறகு எப்பருவத்திலும் பெரும்பகுதி வெண்மையானது. விரித்த கணத்தில் அது மின்னும். தாமரை இலைக்கோழியின் சிறகில் அவ்வெண்மை இல்லை.

தனித்த இலையில் நில்லாமல் பறவை நீரில் இறங்கி நீந்தி, வாலைச் சுண்டுமாயின் வழி வேறு. வாலடியில் இருபுற வெண்மை தெரிந்தால் தாழைக்கோழியின் இளம்பறவை. செங்காவி தெரிந்தால் கானாங்கோழியின் இளம்பறவை. முகத்தில் தகடோ வெண்மையோ தோன்றாத பருவத்திலும் வாலடி நிறம் முடிவைத் தந்துவிடுகிறது. முகம் பயனற்ற இடத்தில் வாலும், வால் பேசாத இடத்தில் காலும் துணைவருகின்றன.

7. கம்புள்: நுதல் வெண்மை எதைக் காட்டுகிறது

இம்முறையைப் பாடலுக்குப் பொருத்துவது இப்போது எளிது. ஐங்குறுநூற்றின் மருதப்பகுதியில் வரும் பாடல் ஒன்று கம்புளின் பேடையைக் குறிப்பிடுகிறது. அங்குக் கம்புளுக்கு நுதல் வெண்மையைச் சுட்டும் அடையும், அதன் குரலின் கரகரப்பைச் சுட்டும் அடையும் தரப்பட்டுள்ளன; குளிர்ந்த பழனத்தில் அது தன் கிளையோடு ஒலிப்பதாகப் பாடல் கூறுகிறது. மதுரைக்காஞ்சியில், வலைஞர் வள்ளைக்கொடியை நீக்கி மீன் முகக்கும்போது கம்புட்சேவல் தன் உறக்கம் கலைந்து எழுகிறது. உரைமரபு கம்புளைச் சம்பங்கோழி என்கிறது. சம்பங்கோழி என்னும் பெயர் இன்று வெண்மார்புக் கானாங்கோழிக்கு வழங்குவதுண்டு.

நான்காம் பகுதியில் கண்ட வேறுபாட்டை இங்குப் பொருத்தினால் ஒரு சிக்கல் எழுகிறது. கானாங்கோழிக்கு நெற்றி வெண்மை உண்டு. ஆனால் அது முகம், மார்பு, வயிறு என்று தொடரும் வெண்மையின் தொடக்கமே. அப்பறவையைக் காண்போர் முதலில் கூறுவது மார்பின் வெண்மையை; இன்றைய பெயரும் அதனையே சுட்டுகிறது. வெண்மை நுதலளவில் நின்று, அதனாலேயே கண்ணைக் கவர்வது நாமக்கோழியிடத்து. நாமக்கோழி என்னும் நாட்டுப்பெயரும் பாடலின் அடைமொழியும் பறவையின் ஒரே உறுப்பை ஒரே நோக்கில் கண்டவை. கிளையோடு ஒலித்தல் என்பதும் கூட்டமாக வாழும் நாமக்கோழிக்குப் பொருந்துவதே. கானாங்கோழி பெரும்பாலும் தனித்தோ இணையாகவோ வாழ்வது.

மறுபுறச் சான்றுகளும் உள. கரகரத்த குரல் இரண்டிற்கும் உண்டெனினும், மழைக்காலத்தில் இடைவிடாது ஒலித்துத் தன் இருப்பை ஊரறியச் செய்வது கானாங்கோழியே. ஆழமற்ற பழனமும் வயல்சார்ந்த புதரும் கானாங்கோழியின் இயல்பான வாழிடம். நாமக்கோழி ஆழமும் பரப்பும் மிக்க நீரை நாடுவது. ‘கிளை’ என்பதைக் கூட்டம் எனக் கொள்ளாது குஞ்சும் இணையுமாகிய குடும்பம் எனக் கொண்டால் அச்சான்றும் கானாங்கோழிக்கு இடம்தரும். வள்ளைப்பரப்பில் உறங்குதல் இரண்டில் ஒன்றை விலக்குவதற்குப் போதாது. மூன்றாம் பகுதியில் கண்டவாறு பின்னிய கொடிப்பரப்பு நீள்நகம் இல்லாத பறவையையும் மடல்விரல் பறவையையும் ஒருங்கே தாங்கும். இலைக்கோழியை மட்டும் ஐயமின்றி விலக்கலாம். நீளவால் இலைக்கோழிக்குப் பருவத்தில் வெண்முகம் உண்டெனினும், அதனைப் பாடும் ஒருவர் பொன்மஞ்சள் பிடரியையும் நீண்ட வாலையும் விடுத்து நுதலை மட்டும் கூறுதல் பொருந்தாது.

பேடை, சேவல் என்னும் சொற்களும் இங்கு உதவுவதில்லை. நாமக்கோழியிலும் கானாங்கோழியிலும் இருபாலும் ஒரே தோற்றத்தன. எனவே பாடல்களில் வரும் பால்பாகுபாடு நிறத்தைக் கண்டு கூறியதாக இருக்க இயலாது. திணைப்பொருளுக்கு ஏற்ப அமைந்த கூற்றாகவே கொள்ளத்தக்கது. அதனைக்கொண்டு இனத்தை வரையறுக்க முனைதல் வழுவாகும்.

ஆகவே கிடைக்கும் சான்றுகள் பிரிந்து நிற்கின்றன. முகநிறம் நாமக்கோழியின் பக்கம் சாய்கிறது; வாழிடமும் உரைமரபும் கானாங்கோழியின் பக்கம் சாய்கின்றன. முடிவைத் தரவல்ல கால்விரலையும் வாலையும் பற்றி மேற்கண்ட இரு பாடல்களும் எதுவும் கூறவில்லை. இந்நிலையில் ‘கம்புள் என்பது வெண்மார்புக் கானாங்கோழி’ என்று அகராதியிலும் பாடநூலிலும் ஐயத்திற்கு இடமின்றி எழுதுவதைவிட, ‘நாமக்கோழி அல்லது கானாங்கோழி’ என்று இருவாய்ப்பையும் காட்டி, ஒவ்வொன்றிற்கும் உரிய சான்றைக் குறித்தலே முறை.

8. முடிவுரை

மிதவைத் தாவரங்களின்மேல் நடக்கும் பறவைகளைப் பிரித்தறிய உதவும் மூன்று கூறுகளும் ஒரே தரத்தன அல்ல. கால்விரல் குடும்பத்தை வரையறுக்கிறது. ஆனால் தனித்த இலையின்மேல் நடக்கும்போதே அது சான்றாகிறது. முகநிறம் இனத்தை வரையறுக்கிறது. ஆனால் இளம்பறவையிடத்தும் பருவம் கழிந்த பறவையிடத்தும் தளர்கிறது. வாலசைவு குடும்பத்தையும், வாலடி நிறத்தின்வழி இனத்தையும் காட்டுகிறது. ஆனால் அசையாமை எதையும் மெய்ப்பிப்பதில்லை.

பாடலில் வரும் பறவைக்கு இனம் காணும்போதும் இவ்வரையறைகள் பொருந்தும். முகத்தைச் சுட்டும் ஓர் அடைமொழி, ஒத்த முகமுடைய பறவைகள் எத்தனை என்று எண்ணிய பின்னரே சான்றாகும். ‘கம்புள்’ பயிலும் பிற சங்கப் பாடல்களையும் நிகண்டு வழக்குகளையும் தொகுத்து, அவற்றுள் கால், வால், நீந்தல், மூழ்கல் ஆகியவற்றைச் சுட்டும் குறிப்புகள் உளவா எனத் தேடுவது இவ்வடையாளச் சிக்கலைத் தீர்க்கும் அடுத்த படியாக அமையும். மடல்விரலையோ மூழ்கலையோ குறிக்கும் ஒரு சொல் கிடைப்பின் நாமக்கோழி உறுதியாகும்; வாலடியின் செங்காவியைக் குறிக்கும் ஒரு சொல் கிடைப்பின் உரைமரபு உறுதியாகும்.